சம்பளத்துக்கு மேல் ஒரு வருமானம்: வாரத்தில் எத்தனை மணி நேரம் தாங்கும்?

அலுவலக வேலையோடு இணையத்தில் பகுதிநேர வேலையும் பார்ப்பவர்களிடம் முதலில் குறைவது தூக்கம். வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருந்தால் அது இன்னும் சீக்கிரம் குறைகிறது. வீடியோ எடிட்டிங், மொழிபெயர்ப்பு, லோகோ வடிவமைப்பு, ஆன்லைன் டியூஷன் என்று எந்த வேலையாக இருந்தாலும் அது தொடங்குவது வீடு திரும்பி, சாப்பிட்டு, வீட்டில் மற்றவர்கள் படுத்த பிறகுதான். ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு இரவுகள் போதும் என்று தோன்றும். மூன்றாவது மாதத்தில் அது ஐந்து இரவுகளாகிவிடும். இப்படி ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் பேராசையோ ஒழுங்கின்மையோ கிடையாது. வேலையை ஒப்புக்கொள்ளும் முன் நேரத்தைக் கணக்குப் போடுவதில் நேரும் பிழைதான் காரணம்.

அந்தக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்க்கலாம். கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒருவர் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் ஐந்து நாள், காலை 9 மணி முதல் மாலை 6.30 வரை அலுவலகம்; இடையில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு. போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். அவருக்கு வீடியோ எடிட்டிங் தெரியும். அமெரிக்காவில் யூடியூப் சேனல் நடத்தும் ஒருவருக்கு வாரம் ஒரு வீடியோ எடிட் செய்து தருகிறார்.

ஒரு வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். அலுவலகமும் பயணமும் சேர்ந்து 55 மணி நேரம். நாளுக்கு ஏழரை மணி நேரம் தூக்கம் என்றால் 52.5. குளியல், சமையல், சாப்பாடு, துணி, கடைக்குப் போவது எல்லாம் நாளுக்கு 3 மணி நேரம் என்றால் 21. குடும்பத்தாரோடு பேச, கொஞ்சம் நடக்க, சும்மா உட்கார நாளுக்கு 2 மணி நேரம் என்றால் 14. எல்லாம் போக மிச்சம் 25.5 மணி நேரம். பகுதிநேர வேலைக்கு இது தாராளம் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

ஆனால் அந்த நேரம் எந்தெந்த நாளில் இருக்கிறது என்று பார்த்தால் நிலைமை வேறு. அலுவலகம் போகும் நாளில் 24 மணி நேரத்தில் வேலைக்கும் பயணத்துக்கும் 11, தூக்கத்துக்கு 7.5, வீட்டு வேலைக்கு 3, ஓய்வுக்கு 2 போனால் மிஞ்சுவது அரை மணி நேரம். மீதி 23 மணி நேரமும் சனி, ஞாயிறில்தான் இருக்கிறது. ஆகவே செவ்வாய்க்கிழமை இரவு 10 மணிக்கு லேப்டாப்பைத் திறப்பவர் ஓய்வு நேரத்தில் வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தாலும், அந்த நேரம் தூக்கத்திலிருந்தோ பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நேரத்திலிருந்தோதான் வருகிறது. பகுதிநேர வேலையை ஏற்கும் ஒவ்வொருவரும் தன் வாரத்தை இப்படி நாள் வாரியாகப் பிரித்து எழுதிப் பார்ப்பது நல்லது. மொத்தக் கணக்கு மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான்.

எவ்வளவு வரை போகலாம் என்பதற்கு வெளியிலிருந்து ஓர் அளவுகோலும் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிடும்போது, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதயநோயால் இறக்கும் அபாயம் சுமார் 17 சதவீதமும் அதிகம் என்றது அந்த ஆய்வு. 54 மணி நேரம் உழைத்தால் பத்திரம், 55 ஆனால் ஆபத்து என்று இதற்குப் பொருளில்லை. பலரை நீண்ட காலம் கவனித்துச் சொன்ன சராசரி இது. ஆனாலும் கோடு போட ஓர் இடம் கிடைக்கிறது. கோவைக்காரர் சாப்பாட்டு நேரம் நீங்கலாக அலுவலகத்தில் உழைப்பது 42.5 மணி நேரம். அப்படியானால் பகுதிநேர வேலைக்கு அவருக்கு உள்ள உச்சவரம்பு வாரம் 12 மணி நேரம். குழந்தை வளர்ப்பவர்களுக்கும் வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் அதுவும் அதிகம். அந்த உழைப்பு சம்பளக் கணக்கில் வராவிட்டாலும் உடம்பின் கணக்கில் வந்துவிடும்.

ஒரு வீடியோவுக்கு உண்மையில் ஆகும் நேரம்

பன்னிரண்டு நிமிட வீடியோ ஒன்றை எடிட் செய்ய 5 மணி நேரம் ஆகும் என்று கணித்து, அவர் 60 டாலர் விலை சொல்கிறார். வேலை ஃபைவர் தளம் வழியாக வருகிறது. அந்தத் தளம் வேலை செய்பவரின் தொகையில் 20 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளும். கைக்கு 48 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,080 ரூபாய், அதாவது மணிக்கு 816 ரூபாய். நல்ல காசுதான்.

ஆனால் எடிட்டிங் மட்டுமே வேலை என்று ஆகிவிடுவதில்லை. அனுப்பிய ஃபைல்களை இறக்குவது, எது வேண்டும் எது வேண்டாம் என்று சாட்டில் பேசுவது, முடித்து எக்ஸ்போர்ட் செய்து ஏற்றுவது, பிறகு திருத்தங்கள். இதில் அதிகம் நேரத்தைத் தின்பது திருத்தம்தான். இரவு 11.40-க்கு ஒரு செய்தி வருகிறது: இரண்டாவது நிமிடத்தில் பின்னணி இசை சற்றுச் சத்தமாக இருக்கிறது, குறைத்துவிடுங்கள், சின்ன மாற்றம்தான். இசையைக் குறைக்க இரண்டு நிமிடம் ஆகும். அதன்பின் முழு வீடியோவையும் மறுபடி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும், வேறெங்கும் கெட்டுப்போகவில்லையே என்று ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும், இரண்டு ஜி.பி. ஃபைலை மறுபடி ஏற்ற வேண்டும். வீட்டு பிராட்பேண்டில் ஏற்றுவதற்கு மட்டும் கால் மணி நேரம் ஆகிவிடும். சின்ன மாற்றம் முடியும்போது மணி 12.30. மறுநாள் இன்னொரு சின்ன மாற்றம் வரும்.

இவற்றையெல்லாம் சேர்த்துக் குறித்து வைத்தால் எடிட்டிங் 5 மணி நேரம், பேச்சு ஒன்றரை, திருத்தம் இரண்டு, இறக்கி ஏற்றுவது அரை என்று மொத்தம் 9 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 816 ரூபாய் என்று நினைத்தது 453 ரூபாயாக நிற்கிறது. இந்தக் கணக்கைப் போடாதவர்தான் வருமானம் போதவில்லை என்று இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடுகிறார். வாரம் இரண்டு வீடியோ, 18 மணி நேரம். அலுவலகத்தோடு சேர்த்து 60.5 மணி நேரமாகிவிடுகிறது.

இரண்டாவது வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கு முன் முதல் வாடிக்கையாளரோடு உள்ள ஏற்பாட்டைச் சரிசெய்வதுதான் லாபம். திருத்தங்கள் இரண்டு சுற்று வரைதான், அதற்கு மேல் தனிக் கட்டணம் என்று ஆரம்பத்திலேயே எழுதிவிடலாம். ஒவ்வொரு சுற்றிலும் எல்லாத் திருத்தங்களையும் நிமிடம், வினாடி குறித்து ஒரே பட்டியலாக அனுப்பச் சொல்லலாம். வேலையைத் தொடங்கும் முன் கேட்க வேண்டியதை ஏழெட்டுக் கேள்விகளாக ஒரே படிவத்தில் கேட்டு வாங்கிக்கொண்டால் சாட்டில் போகும் நேரமும் சுருங்கும். இதில் வாரம் 2 மணி நேரம் மிச்சமானால் ஒரு வீடியோவுக்கு 7 மணி நேரம்தான். சில மாதம் ஒழுங்காக வேலை செய்து கொடுத்த பிறகு விலையை 75 டாலராக ஏற்றினால் தளத்தின் பங்கு போகக் கைக்கு 60 டாலர், 5,100 ரூபாய். மணிக்கு 729 ரூபாய் ஆகிறது.

இப்போது இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பழைய விலையில், பழைய ஏற்பாட்டில், வாரம் இரண்டு வீடியோ செய்தால் நான்கு வாரத்தில் 72 மணி நேர உழைப்புக்கு 32,640 ரூபாய். சீர்படுத்திய ஏற்பாட்டில் வாரம் ஒரு வீடியோ மட்டும் செய்தால் 28 மணி நேரத்துக்கு 20,400 ரூபாய். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 12,240 ரூபாய். அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பது 44 மணி நேரம். அந்தக் கூடுதல் உழைப்பின் மதிப்பு மணிக்கு 278 ரூபாய்தான். அதையும் தூக்கத்திலிருந்து எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். பணம் உண்மையிலேயே அவசரமாகத் தேவைப்படும் குடும்பம் அதையும் ஏற்கலாம், தவறில்லை. தெரிந்து ஏற்பது ஒன்று, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறொன்று.

கடிகாரம் பார்த்து வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பது

வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது விலையளவுக்கே முக்கியம். நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது இந்தியாவில் மாலை 6.30. அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளி வைப்பதால் அந்த மாதங்களில் இரவு 7.30 ஆகிவிடும். லாஸ் ஏஞ்சலிஸ் என்றால் இன்னும் மூன்று மணி நேரம் தள்ளிப்போகும். அவர் காலையில் காபியோடு உட்கார்ந்து செய்தி அனுப்பத் தொடங்கும்போது இங்கே இரவு 9.30 அல்லது 10.30. உடனுக்குடன் பதில் எதிர்பார்க்கும் கலிஃபோர்னியா வாடிக்கையாளரும் காலை 9 மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டியவரும் நெடுநாள் ஒத்துப்போக முடியாது.

லண்டனுக்கு அந்தச் சிக்கல் குறைவு. இந்தியாவில் இரவு 7.30 ஆகும்போது அங்கே பிற்பகல் 2 அல்லது 3 மணிதான்; இங்கே 9 மணிக்குப் பேச்சை முடித்துவிடலாம். விடியற்காலையில் எழும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கிழக்கு நாடுகள் பொருந்தும். இங்கே காலை 6 மணி என்றால் சிங்கப்பூரில் 8.30, சிட்னியில் 10.30 அல்லது 11.30. அலுவலகம் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம் அவர்களோடு நேரடியாகப் பேசி வேலை பார்க்க முடியும். டியூஷன் எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பாடத்தை மாணவர் விழித்திருக்கும் நேரத்தில்தான் நடத்த முடியும். எடிட்டிங் போல அதை ஒத்திவைக்க வழியில்லை.

அமெரிக்க வாடிக்கையாளர்தான் கிடைத்தார் என்றால், நேரடிப் பேச்சு தேவைப்படாத மாதிரி வேலையை அமைத்துக்கொள்ள வேண்டும். ஒப்படைக்கும் நேரத்தை இந்திய நேரம் காலை 7 மணி என்று சொல்லலாம். நியூயார்க்கில் அது முந்தைய நாள் இரவு. அவர் காலையில் எழும்போது வீடியோ தயாராக இருக்கும். இந்த எடிட்டர் அதைச் சனிக்கிழமை பகலிலேயே முடித்து வைத்தாரா, நள்ளிரவில் முடித்தாரா என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது, தேவையும் இல்லை. செய்திகளுக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் வரும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அவர்களை எரிச்சலூட்டுவது பதில் எப்போது வரும் என்றே தெரியாத நிலைதான். முதல் வாரத்தில் உற்சாகத்தில் நள்ளிரவு 1 மணிக்கும் ஐந்து நிமிடத்தில் பதில் போட்டவர், பிறகு அந்த வழக்கத்தை மாற்றுவது கடினம். அந்தத் தாராளத்தை முதலிலேயே தவிர்ப்பது புத்திசாலித்தனம்.

இப்படி அமைத்தால் வாரத்தின் 7 மணி நேரமும் எங்கே உட்காரும் என்பது தெளிவாகிறது. சனிக்கிழமை காலை 6.30 முதல் மதியம் வரை, இடையில் டிபன் நேரம் போக, எடிட்டிங் முழுவதும். வார நாளில் இரண்டு மாலை மட்டும் தலா ஒரு மணி நேரம் திருத்தத்துக்கும் பதில்களுக்கும். ஞாயிறு முழுவதும் விடுமுறை. மற்ற மூன்று மாலைகளில் அந்தத் தளத்தின் அறிவிப்புகள் போனில் வராமல் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இந்த அறிவிப்பு விஷயம் சில்லறையாகத் தோன்றினாலும், வேலை நேரத்துக்கு எல்லை இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது பல வீடுகளில் அதுதான்.

மனம் எங்கே இருக்கிறது

நேரத்தைச் சரியாகப் பிரித்தவர்களும் களைத்துப்போவதுண்டு. அதற்குக் காரணம் ஒரு வேலையின் நினைப்பு இன்னொரு வேலைக்குள் வந்து உட்கார்ந்துகொள்வது. ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது இதுதான்: ஒரு வேலையை முடிக்காமல் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போனால் கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, அடுத்த வேலையின் தரம் குறைகிறது. மதியம் 3 மணிக்கு அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது வாடிக்கையாளரின் செய்தியை எட்டிப் பார்ப்பவர், பதில் போடாவிட்டாலும் அடுத்த அரை மணி நேரம் இரண்டு இடத்தில் இருக்கிறார். அலுவலகத்திலும் பிழை, வீட்டிலும் பிழை.

இதற்கு அவரும் இன்னொரு ஆய்வாளரும் பின்னர் பரிசோதித்துச் சொன்ன வழி எளிமையானது. வேலையைப் பாதியில் நிறுத்தும் முன் ஒரு நிமிடம் ஒதுக்கி, எங்கே நிறுத்தியிருக்கிறது, திரும்ப வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று குறித்து வைக்க வேண்டும். "ஏழாவது நிமிடம் வரை வெட்டியாகிவிட்டது, அடுத்து கடைத்தெருக் காட்சிக்கு இசை சேர்க்க வேண்டும், தலைப்பு எழுத்து பற்றிய பதில் இன்னும் வரவில்லை" என்று மூன்று வரி போதும். எழுதி வைத்ததை மனம் சுமந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. திரும்ப உட்காரும்போது எங்கே விட்டோம் என்று தேடும் கால் மணி நேரமும் மிச்சமாகும்.

ஜெர்மன் உளவியலாளர் சபீன் சொன்னென்டாக் பல ஆண்டுகளாக ஆராய்ந்தது, வேலை முடிந்த பிறகு மனம் அதிலிருந்து விலகுகிறதா என்பதை. மாலையில் மனத்தளவிலும் வேலையை விட்டு விலகுபவர்களுக்குக் களைப்பு குறைவு, தூக்கம் நன்றாக வருகிறது. ஒரு வேலையை முடித்து நேராக இன்னொன்றில் உட்காருபவருக்கு இந்த விலகல் வாய்ப்பதே இல்லை. பகலில் கணக்குப் பார்த்துவிட்டு இரவில் இன்னொருவருக்குக் கணக்குப் பார்ப்பது, பகலில் கோடு எழுதிவிட்டு இரவிலும் கோடு எழுதுவது ஆகியவை இதனால்தான் சீக்கிரம் அலுக்கின்றன. தெரிந்த வேலையில்தான் அதிகக் காசு கிடைக்கும் என்பதால் பலருக்கு வேறு வழியிருக்காது. அவர்கள் இரண்டுக்கும் நடுவே திரை இல்லாத அரை மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். மாடியில் நடப்பதும் பிள்ளையோடு கடைக்குப் போய்வருவதும் போதுமானது. போனில் ரீல்ஸ் பார்ப்பது அந்தக் கணக்கில் சேராது. கண்ணும் கழுத்தும் அதே நிலையில்தான் இருக்கின்றன.

பழகிவிட்டது என்ற நம்பிக்கை

ஆறு மணி நேரத் தூக்கம் தனக்குப் போதும், உடம்பு பழகிவிட்டது என்று சொல்பவர்கள் ஏராளம். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. இரண்டு வாரம் தொடர்ந்து இரவுக்கு ஆறு மணி நேரம் அல்லது அதற்கும் குறைவாகத் தூங்கியவர்களின் கவனத்திறன், இரண்டு இரவுகள் வரை ஒரு பொட்டும் தூங்காதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. அதைவிடக் கவலைக்குரியது, அவர்களுக்கு அது தெரியவில்லை என்பது. சில நாட்களுக்குப் பிறகு தூக்கக் கலக்கம் அதிகரிப்பதாக அவர்கள் உணரவில்லை. பிழைகள் மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே இருந்தன.

ஆகவே எப்படி இருக்கிறது என்று உடம்பைக் கேட்டு முடிவு செய்ய முடியாது. வெளியே தெரியும் அடையாளங்களைப் பார்க்க வேண்டும். ஞாயிறன்று வார நாளைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகத் தூக்கம் தேவைப்பட்டால் வார நாட்களில் கடன் ஏறியிருக்கிறது. ஒரு வீடியோவுக்கு ஒன்றாக இருந்த திருத்தச் சுற்று மூன்றாகியிருந்தால், வாடிக்கையாளர் கெடுபிடி ஆகிவிட்டார் என்று நினைக்கும் முன் அந்தத் திருத்தங்கள் எவை என்று பார்க்க வேண்டும். எழுத்துப்பிழை, விட்டுப்போன வெட்டு, தவறான ஃபைல் என்று இருந்தால் குறை தூக்கத்தில்தான். அலுவலகத்தில் ஒரே இன்வாய்ஸை இரண்டு முறை பதிவு செய்வது, படித்த வரியையே மறுபடி படிப்பது எல்லாம் இதே வகை. இரண்டு சக்கர வண்டியில் போகும்போது கண் சொருகியது ஒருமுறை நடந்தாலும் அன்றோடு இரவு வேலையை நிறுத்த வேண்டும். அதைக் கவனித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை.

இரவு 10 மணிக் காபி இந்த அடையாளங்களை மறைக்கும். குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போக ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், 1 மணிக்குப் படுத்தாலும் தூக்கம் ஆழமாக இருக்காது.

இவை நீண்டுகொண்டே போகும்போது வருவதுதான் பர்ன் அவுட் என்று சொல்லப்படும் பணிச்சோர்வு. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் இதை ஒரு நோயாக வைக்கவில்லை. பணி சார்ந்த நிலை என்றே வைத்து, மூன்று கூறுகளால் விளக்குகிறது. சக்தி வற்றிப்போன உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்பு ஏற்படுவது, முன்போல் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். முதலாவது மட்டும் இருந்தால் நல்ல வார விடுமுறையில் தெளியக்கூடும். வாடிக்கையாளரின் பெயர் போனில் தெரிந்தாலே எரிச்சல் வருகிறது, முன்பு ஆசையாகச் செய்த எடிட்டிங்கே பிடிக்கவில்லை என்றால் இரண்டாவது தொடங்கிவிட்டது. அந்தக் கட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போதாது.

பணம் வேலையை வாங்கும் விதம்

பகுதிநேர வேலையைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்தும் குறைக்க முடியாமல் இருப்பவர்களிடம் பெரும்பாலும் ஒரு இ.எம்.ஐ. இருக்கும். மாதம் 20,000 ரூபாய் கூடுதலாக வரத் தொடங்கிய ஐந்தாவது மாதத்தில் 12,000 ரூபாய் தவணையில் கார் வாங்கியிருப்பார்கள். அதுவரை விருப்பமாக இருந்த வேலை அன்றிலிருந்து கட்டாயமாகிவிடுகிறது. வாடிக்கையாளர் சேனலை நிறுத்திவிட்டால், தளத்தில் கணக்கு முடங்கினால், காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்தால் வருமானம் நின்றுபோகும், தவணை நிற்காது. அந்தப் பயத்தில்தான் வேண்டாத வேலையையும் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

நிரந்தரச் செலவுகள் எல்லாம் சம்பளத்துக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பது இங்கே கறாராகப் பின்பற்ற வேண்டிய விதி. இணைய வருமானத்தைத் தனி வங்கிக் கணக்கில் வாங்கி, வரிக்கு ஒரு பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியை முடிந்துபோகக்கூடிய செலவுகளுக்குப் பயன்படுத்தலாம். பழைய கடனை முன்கூட்டி அடைப்பது, பள்ளிக் கட்டணம், நகைக்கடனை மீட்பது, நல்ல நாற்காலி வாங்குவது போன்றவை அப்படிப்பட்டவை. எந்த மாதம் வேண்டுமானாலும் இரண்டு வாரம் நிறுத்த முடிகிற நிலையில் இருப்பவருக்குத்தான் வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லும் துணிவு இருக்கும்.

வரியைப் பொறுத்தவரை, இந்த வருமானம் சம்பளத்தோடு சேர்ந்தே கணக்கிடப்படும். ஆண்டுக்குக் கட்ட வேண்டிய மிச்ச வரி 10,000 ரூபாயைத் தாண்டினால் முன்கூட்டியே கட்ட வேண்டும். மார்ச் மாதத்தில் திடீரென்று பெரிய தொகை தேடும் நெருக்கடியும் இரவு வேலையைக் கூட்டிவிடும் என்பதால் மாதாமாதம் ஒதுக்கி வைப்பது நிம்மதி.

அலுவலக விதிகளையும் முன்பே பார்த்துவிட வேண்டும். அரசு ஊழியர்கள் அனுமதியில்லாமல் வேறு வேலையோ வியாபாரமோ செய்ய நடத்தை விதிகள் இடம் தருவதில்லை. தனியார் நிறுவனங்களில் நியமன ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 2022-ல் விப்ரோ நிறுவனம் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாகக் கூறி 300 பேரை நீக்கியது. அதே ஆண்டில் இன்ஃபோசிஸ், மேலாளரின் முன் அனுமதியோடு சில்லறைப் பகுதிநேர வேலைகளைச் செய்யலாம் என்றது. அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பத் தயங்குபவர்கள் பலர். ஆனால் மறைத்துச் செய்வதே ஒரு தனிச் சுமை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற நினைப்போடு வேலை செய்பவருக்கு எந்த மாலையும் ஓய்வாக இருக்காது. எப்படியானாலும் அலுவலக லேப்டாப்பையும் அலுவலக நேரத்தையும் இந்த வேலைக்குத் தொடவே கூடாது.

படிக்கும்போது சம்பாதிப்பவர்கள்

கல்லூரி மாணவர்களின் வாரம் வேறு மாதிரி. அலுவலகத்தைப் போல ஆண்டு முழுவதும் ஒரே சுமை கிடையாது. செமஸ்டரின் நடுவில் தளர்வாக இருந்து, இன்டர்னல் தேர்விலும் செமஸ்டர் தேர்விலும் கழுத்தை நெரிக்கும். வாரம் இத்தனை மணி நேரம் என்று ஒரே வரம்பு வைப்பதைவிடக் கல்லூரியின் தேர்வு அட்டவணையைப் பார்த்து ஆண்டைப் பிரிப்பதே அவர்களுக்குப் பொருந்தும். வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் எட்டுப் பத்து மணி நேரம், விடுமுறையில் கூடுதலாக, செமஸ்டர் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பிருந்து புதிய வேலை எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் தேதிகளை வாடிக்கையாளரிடம் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டால் உறவு கெடாது. தளங்களில் புதிய ஆர்டர் வராமல் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதியும் இருக்கிறது.

ஒரு லோகோ, ஒரு கட்டுரை, ஒரு வீடியோ என்று தனித்தனியாக முடியும் வேலைகள் மாணவர்களுக்கு ஏற்றவை. தினமும் பதிவு போட்டே ஆகவேண்டிய சமூக ஊடகக் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அப்படியல்ல. தேர்வு நாளிலும் அது காத்திருக்காது. இரவு விழித்து வேலை செய்துவிட்டு முதல் இரண்டு பீரியடைத் தவறவிடுபவர்கள் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்பே இன்னொரு நஷ்டம் நடந்திருக்கும்: பகலில் படித்ததை மூளை பதித்துக்கொள்வது பெரிதும் தூக்கத்தில்தான்.

ஏற்கெனவே களைத்துப்போனவர் என்ன செய்வது

ஒரே நாளில் எல்லாவற்றையும் உதறிவிடுவது பெரும்பாலும் தேவைப்படாது; அது கெட்ட மதிப்பீட்டையும் பாக்கித் தகராறையும் கொண்டுவரும். முதலில் புதிய வேலை வாங்குவதை நிறுத்த வேண்டும். கையில் இருப்பவற்றுக்கு ஒப்படைக்கும் தேதியைத் தள்ளிக் கேட்க வேண்டும். உடல்நிலை காரணமாக நான்கு நாள் கூடுதலாக வேண்டும் என்று கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே சொன்னால் ஒப்புக்கொள்பவர்கள்தான் அதிகம், கெடு முடிந்த மறுநாள் சொன்னால் குறைவு. பல வாடிக்கையாளர்கள் இருந்தால் மணிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்ற கணக்கை எடுத்து, கடைசியில் இருப்பவரை முதலில் விட வேண்டும். அதிகம் தொந்தரவு தருபவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பார்.

கையிருப்பு முடிந்ததும் முழுதாக இரண்டு மூன்று வாரம் இணைய வேலை எதுவும் இல்லாமல், தினமும் ஒரே நேரத்தில் படுத்து எழ வேண்டும். அதன்பின் திரும்ப ஆரம்பிப்பதானால் முன்பு செய்ததில் பாதி அளவில், ஒரே ஒரு வாடிக்கையாளரோடு, திருத்தச் சுற்றும் பதில் நேரமும் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டில் ஆரம்பிக்கலாம். நன்றாகத் தூங்கியும் களைப்பு போகவில்லை, அலுவலகத்திலும் வீட்டிலும் எதிலும் நாட்டமில்லை, சாப்பாடும் இறங்கவில்லை என்றால் அது வெறும் பணிச்சோர்வாக இல்லாமல் மனஅழுத்த நோயாகவோ தைராய்டு, ரத்தசோகை போன்ற உடல் காரணமாகவோ இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனநல உதவிக்கு மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.